மூன்றாவது தட்டு கேசரி ஏன் இனிப்பதில்லை?

பிளஸ் ஒன் பொருளியல் படிக்கும் ஒரு வாசகியின் கேள்வி இது: “குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று பாடத்தில் வருகிறது. ஒரே பண்டத்தை அடுத்தடுத்து நுகர்ந்தால் திருப்தி குறையுமாம். இதில் விதி என்ன இருக்கிறது? வயிறு நிரம்பினால் யாருக்கும் போதும் என்றுதானே தோன்றும்?”

வயிறுதான் காரணம் என்றால், இரண்டு தட்டு கேசரிக்குப் பிறகு “போதும்ப்பா” என்று கையை மறித்தவர், பக்கத்தில் சூடாக பஜ்ஜி வந்ததும் ஏன் ஒன்றை எடுக்கிறார்? எடுப்பது அதே வயிற்றுக்குத்தான்.

முதலில் பாடத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு தட்டு கேசரி 30 ரூபாய் என்று வையுங்கள். பசியோடு வந்தவர் முதல் தட்டுக்கு 60 ரூபாய் கேட்டாலும் கொடுப்பார், இரண்டாவதற்கு 35 வரை, மூன்றாவதற்கு 12 மட்டுமே. அவர் இரண்டோடு நிறுத்துவார். 95 ரூபாய் பெறுமான திருப்தியை 60 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். மீதி 35 அவருக்கு லாபம். தேர்வில் பலர் தவறுவது இங்கேதான். மூன்றாவது தட்டால் மொத்தத் திருப்தி குறைவதில்லை, 107 ஆகக் கூடத்தான் செய்கிறது. குறைவது ஒவ்வொரு தட்டும் புதிதாகச் சேர்க்கும் பங்கு. அதனால்தான் காசு கேட்காத கல்யாணப் பந்தியில் அவரே மூன்றாவதையும் வாங்கிக்கொள்கிறார். கடையில் கையில் இன்னொரு 30 ரூபாய் இருந்தால், 12 மதிப்புள்ள கேசரியை விட்டு, 40 மதிப்புள்ள பஜ்ஜிக்குப் போவார்.

இதை 1854இலேயே தெளிவாக எழுதிவைத்தவர் ஹெர்மன் ஹைன்ரிக் கோசன் என்ற பிரஷ்ய அரசு அலுவலர். அவர் புத்தகத்தை அன்று யாரும் சீண்டவில்லை. ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியே திருப்தி சரிகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. ஏன் தனித்தனியே என்பதற்கு மூளையிலிருந்து பதில் கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது.

1981இல் பார்பரா ரோல்ஸ் குழு இங்கிலாந்தில் செய்த சோதனை எளிமையானது. சில உணவுகளில் ஒவ்வொரு வாய் கொடுத்து, எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அவற்றில் ஒன்றை மட்டும் போதும் என்கிறவரை சாப்பிட வைத்து, மறுபடி எல்லாவற்றையும் ருசித்து மதிப்பெண் கேட்டார்கள். சாப்பிட்ட உணவின் மதிப்பெண் சரிந்தது. சாப்பிடாதவை ஏறக்குறைய அப்படியே நின்றன. பின்னால் நேரத்தையும் அளந்து பார்த்ததில், சரிவு அதிகமாக இருந்தது சாப்பிட்டு முடித்த இரண்டாவது நிமிடத்தில். அதற்குள் உணவு செரித்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. உணவை விழுங்காமல் ஐந்து நிமிடம் மென்று துப்பினாலும், வெறுமனே மோந்து பார்த்தாலும்கூட அந்த உணவின் மீதான விருப்பம் குறைந்தது. ஆக, இது வயிற்று வேலை இல்லை. நாக்கும் மூக்கும் சம்பந்தப்பட்ட திகட்டல்.

அப்படியானால் நாக்குதான் மரத்துப்போகிறதா? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதற்கான விடைதான். எட்மண்ட் ரோல்ஸ் 1980களில் குரங்குகளின் மூளையில் சுவைச் செய்தி போகும் பாதையை நரம்பணு நரம்பணுவாகத் தொடர்ந்தார். நாக்கிலிருந்து வரும் செய்தி முதலில் மூளைத் தண்டுக்கும், அங்கிருந்து முதல்நிலைச் சுவைப் புறணிக்கும், பிறகு கண்குழிக்கு மேலே இருக்கும் ஆர்பிட்டோஃப்ரன்டல் புறணிக்கும் போகிறது. குரங்குக்கு குளுக்கோஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள். ஆவலோடு வாயை நீட்டினால் +2, தள்ளிவிட்டால் −2 என்று அதன் நடத்தைக்கும் மதிப்பெண் போட்டார்கள்.

குரங்கு கரைசலைத் தள்ளிவிடும் கட்டத்திலும் முதல் இரண்டு நிலையங்களின் நரம்பணுக்கள் ஆரம்பத்தில் துடித்த அதே வேகத்தில் துடித்தன. “இனிப்பு வந்திருக்கிறது, இவ்வளவு அடர்த்தி” என்ற செய்தியில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது நிலையத்தில்தான் மாற்றம். குளுக்கோஸுக்குத் துடித்த நரம்பணு ஒவ்வொரு ஊட்டலுக்கும் மெல்ல அடங்கி, குரங்கு மறுக்கும்போது ஏறக்குறைய ஓய்ந்தே போனது. அந்த நொடியில் வேறு பழச்சாற்றை வாயில் விட்டால், அதே நரம்பணு மறுபடி துடித்தது! சுவை என்ன என்று சொல்லும் இடம் ஒன்று, அது இப்போது எவ்வளவு பெறும் என்று சொல்லும் இடம் வேறு. விலைப்பட்டியல் மட்டும் திருத்தப்படுகிறது, அதுவும் ஒரே ஒரு பண்டத்துக்கு. மனிதர்களிடமும் சாக்லேட் பாலும் தக்காளிச் சாறும் கொடுத்து 2003இல் ஸ்கேன் எடுத்தபோது, பிடித்தம் குறைந்த திரவத்துக்கு மட்டும் இந்தப் பகுதியின் செயல்பாடு குறைந்தது.

கடுமையான மறதி நோயாளிகளிடமும் இந்தத் திகட்டல் சரியாக இருப்பதாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. சாப்பிட்டதே நினைவில்லாமல் அடுத்த சாப்பாட்டையும் முழுதாகச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். “இப்போதுதானே சாப்பிட்டோம்” என்ற நினைவு இதற்குத் தேவையே இல்லை.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கேசரி, பஜ்ஜி, வாழைப்பழம், தயிர் சாதம், மிக்சர் ஐந்திலும் ஒவ்வொரு வாய் எடுத்து பத்துக்கு மதிப்பெண் எழுதுங்கள். கேசரியை மட்டும் போதும் என்கிறவரை சாப்பிட்டு, தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, இரண்டு நிமிடம் கழித்து ஐந்தையும் மறுபடி ருசியுங்கள். கேசரி மட்டும் தனியாக விழுந்தால் அது திகட்டல். ஐந்தும் ஒன்றாக விழுந்தால் வயிறு நிரம்பிவிட்டது. பட்டியலில் அல்வாவைச் சேர்க்காதீர்கள். இனிப்பு பொதுவாக இருப்பதால் அதுவும் கூடவே சரிந்து கணக்கைக் குழப்பும். ஒரு மணி நேரம் கழித்து ருசித்தாலும் பயனில்லை, அதற்குள் செரிமானமும் கலந்துவிடும்.

பாடக் கணக்கில் அலகாக ஒரு வாயை எடுக்காமல் ஒரு தட்டை எடுத்ததற்கும் காரணம் உண்டு. ருசியான உணவில் முதல் சில வாய்களுக்குப் பசி கூடத்தான் செய்கிறது. அலகை மிகச் சிறிதாக எடுத்தால் விதி தொடக்கத்திலேயே பொய்த்ததுபோலத் தோன்றும்.

குழந்தை மூன்றாவது இட்லியைத் தள்ளிவிட்டால் ‘கண் பட்டுடுச்சு’ என்று மிளகாய் சுற்றிப் போடும் வழக்கம் நமக்கு உண்டு. சுற்றிப் போட்டபின் வாழைப்பழம் கொடுத்தால் சாப்பிடுகிறது. மிளகாயை விட்டுவிட்டு நேராகப் பழத்தைக் கொடுத்தாலும் சாப்பிடும்.

இந்தச் சரிவுக்கு நீண்டகால வடிவமும் உண்டு. 1985இல் வெளியான ஆய்வு ஒன்று எத்தியோப்பிய அகதி முகாமில் செய்யப்பட்டது. ஆறு மாதமாக ஒரே உணவையே சாப்பிட்டு வந்தவர்கள், புதிதாக வந்தவர்களைவிட அந்த உணவுக்குக் குறைந்த மதிப்பெண்ணே போட்டார்கள். இங்கே சத்துணவில் தினமும் சாம்பார் சாதம் என்ற நிலை மாறி கலவை சாத வகைகள் வந்ததற்குப் பின்னாலும் இதே நியாயம் இருக்கிறது. மூளை ஸ்கேனருக்குக் கோடிகள் ஒதுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரே பள்ளியில் ஒரே வாரப் பட்டியல் எத்தனை மாதத்தில் சலிக்கிறது என்று அறிய ஒரு தராசு போதும்: தட்டுகளில் மிஞ்சுவதை ஒரு வாளியில் சேர்த்து, வகைவாரியாகத் தினமும் எடை போட்டு எழுதிவந்தால், எந்தச் சாதத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.