இன்டர்வல்: கம்பங்களும் இடைவெளியும்

அக்கா மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குப் படிக்கிறாள். ஸ்கேல், இன்டர்வல், கார்டு மூன்றும் சேர்ந்து வரும் அத்தியாயத்தை இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருக்கித் தரச் சொன்னாள். அவள் தானே எழுதிவைத்திருந்த குறிப்பில் முதல் வரி: "இன்டர்வல் – இடைவேளை." நமக்கெல்லாம் சினிமாக் கொட்டகையில் பழகிய பொருள் அது. இசையில் இன்டர்வல் என்பது இரண்டு சுரங்களின் உயரத்துக்கு நடுவே உள்ள தூரம். அதனால் இடைவெளி என்பதே சரி. தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் சுர இடைவெளி.

இந்தச் சொல் லத்தீனில் 'இன்டர்வல்லும்'. இன்டர் என்றால் நடுவே, வல்லும் என்றால் கோட்டை அரண். இரண்டு அரண்களுக்கு நடுவே உள்ள வெளி என்பதுதான் முதல் பொருள். இதைக் குறிப்பில் எழுதச் சொன்னேன். மாணவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

வேலிக் கம்பங்களை எண்ணுவதும் கம்பங்களுக்கு நடுவே உள்ள வெளிகளை எண்ணுவதும் வேறு வேறு கணக்கு. இன்டர்வலின் பெயர் கம்பத்தை எண்ணுகிறது: ச, ரி, க என்று ச-வையும் சேர்த்து மூன்று, ஆகவே ச–க 'மூன்றாம்' இடைவெளி. அதன் அளவோ வெளியை எண்ணுகிறது, செமிடோன் கணக்கில். வீணையில் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குப் போனால் ஒரு செமிடோன். ச-விலிருந்து அந்தர காந்தாரம் நான்கு செமிடோன், அது பெரிய மூன்றாம். சாதாரண காந்தாரம் மூன்று செமிடோன், அது சிறிய மூன்றாம். பெயர் ஒன்றே, அளவு இரண்டு. இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்பினால், "மூன்றாம் என்றால் மூன்று செமிடோன்" என்று எழுதி மதிப்பெண்ணை இழக்க நேரும்.

சரி, காதுக்கு என்ன அடையாளம் எழுதுவது? அவள் "ஐந்தாம் இடைவெளி – தம்புரா" என்று எழுதியிருந்தாள். ஏறக்குறைய சரி, ஆனால் தேர்வில் இதுவே காலை வாரும். தம்புராவை மீட்டும் வரிசை கீழ்ப் ப, நடு ச, மறுபடி நடு ச, கடைசியில் கீழ் ச. முதல் இரண்டு மீட்டலில் கீழ்ப் ப-விலிருந்து ச-வுக்கு ஏறுவது நான்காம் இடைவெளி, ஐந்து செமிடோன். கடைசித் தந்தியின் கீழ் ச-விலிருந்து அடுத்த சுற்றின் ப-வுக்குப் போகும்போதுதான் ஐந்தாம், அதாவது ஏழு செமிடோன். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, அதாவது ஒரு ச-விலிருந்து மேல் ச வரை உள்ள முழுத் தூரம். நான்காமும் ஐந்தாமும் ஒன்றையொன்று தலைகீழாக்கியவை. அதனால் குறிப்பை இப்படி மாற்றினோம்: "ஐந்தாம்: தம்புராவின் கடைசித் தந்தி, அப்புறம் முதல் தந்தி. நான்காம்: முதல் தந்தி, அப்புறம் இரண்டாவது." ஏறும் அடையாளமும் இறங்கும் அடையாளமும் தனித்தனியே எழுதியாக வேண்டும். பெரிய மூன்றாமுக்குப் பல வீடுகளின் 'டிங்-டாங்' அழைப்பு மணி உதவும், ஆனால் அது இறங்கும் மூன்றாம்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிலப்பதிகாரம் யாழ் நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என்கிறது. ஐந்தாம் நரம்பு கிளை, நான்காம் நரம்பு நட்பு, மூன்றும் ஆறும் பகை என்று உரை விளக்குகிறது. இடைக்கால ஐரோப்பியக் கோட்பாட்டாளர்களும் நான்கையும் ஐந்தையும் இயைபென்று ஏற்று, மூன்றாமை நெடுநாள் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். பிறகு அங்கே அந்த மூன்றாம் மீதுதான், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு எழுந்தது. ஆகவே ஐந்தாமுக்கும் நான்காமுக்கும் கிளை, நட்பு என்பவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மூன்றாமைப் பகை என்று இன்றைய குறிப்பில் எழுதினால் தவறாகிவிடும்.

ஸ்கேலில் சிக்கல் இல்லை. லத்தீனில் ஸ்காலா என்றால் ஏணி. நாமும் ஏறுவது, இறங்குவது என்றுதான் சொல்கிறோம். கார்டு அப்படியல்ல. வடிவக்கணிதத்தில் அதே ஒலியுள்ள சொல்லுக்கு நாண் என்று படித்த பழக்கத்தில் இசையிலும் நாண் என்று எழுதிவிடுகிறார்கள். கணிதச் சொல்தான் தந்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இசைச் சொல்லோ 'அக்கார்டு', அதாவது இசைவு என்பதன் குறுக்கம். எழுத்து மட்டும் பிற்பாடு தந்திச் சொல்லைப் பார்த்து மாறியது. சுரக்கூட்டு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அதற்கு அவள் எழுதிய கடைசி வரி: "ச க ப: கீழே நான்கு செமிடோன், மேலே மூன்று என்றால் மேஜர், சங்கராபரணத்தின் க. கீழே மூன்று, மேலே நான்கு என்றால் மைனர், நடபைரவியின் க. மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது நடு சுரத்தை மட்டும் முணுமுணுத்துப் பார்."