பொட்டலத்தின் பெயரும் உள்ளிருக்கும் அட்டையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மருந்தாளராக இருக்கும் எனக்கு, வாரத்தில் பலமுறை காதில் விழும் சொல் "ஊபாட் சாயிர் டாரா". இரத்தத்தை இளக்கும் மருந்து என்று பொருள்படும் இந்த மலாய்ச் சொல்லைத் தோட்டத்துப் பெரியவர்கள் ஆஸ்பிரினுக்கும் சொல்கிறார்கள், க்ளோபிடோக்ரெலுக்கும் சொல்கிறார்கள். இரண்டும் இரத்தத்தை இளக்குவதில்லை. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத்தான் அவை தடுக்கின்றன. பெயர் ஒன்றாகிவிட்டதால் மருந்தும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தால் ஒரு மனிதருடைய அறுவை சிகிச்சை எப்படித் தவறாகப் போக இருந்தது என்பதை, அவரை அடையாளம் காட்டாமல், இங்கே எழுதுகிறேன்.

அவர் பால்மரத் தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு மாதங்களுக்கு முன் இதய இரத்தக்குழாயில், அதை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்திருந்தார்கள். ஆஸ்பிரின் 100 மில்லிகிராமும் க்ளோபிடோக்ரெல் 75 மில்லிகிராமும் தினம் ஒவ்வொன்று சாப்பிட்டு வந்தார். நெடுநாள் தள்ளிப்போட்ட குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு ஒரு வெள்ளிக்கிழமை தேதி குறித்திருந்தார்கள். அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசி, "க்ளோபிடோக்ரெலை ஐந்து நாள் முன்பே நிறுத்துங்கள், ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள்" என்று தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு பொட்டலத்தைத் தொடாமல் வைத்துவிட்டார்.

புதன்கிழமை பிற்பகல் என் கடைக்கு வந்தது அதற்காக அல்ல. வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் கேட்டு வந்தார். க்ளோபிடோக்ரெல் உண்ணும் ஒருவர் ஒமெப்ரசோல் கேட்டால் நான் உடனே கொடுப்பதில்லை. க்ளோபிடோக்ரெல் விழுங்கிய உருவிலேயே வேலை செய்வதில்லை, கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும், அந்த நொதியையே ஒமெப்ரசோல் தடுக்கிறது. ஆகவே, "ஐயா, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றேன். மகன் காரிலிருந்து பையை எடுத்து வந்தார்.

இரண்டு ஸிப் பொட்டலங்கள். இரண்டிலும் மலாய் மொழியில் "சத்து பிஜி, செக்காலி செஹாரி", அதாவது நாளுக்கு ஒருமுறை ஒரு மாத்திரை, என்ற ஒரே குறிப்பு. மருந்தின் பெயர் மட்டும் வேறு. க்ளோபிடோக்ரெல் என்று எழுதிய பொட்டலத்திலிருந்து அட்டையை வெளியே எடுத்துப் பின்புறம் திருப்பினேன். வெள்ளித் தாளில் அசெட்டில்சாலிசிலிக் ஆசிட் 100 என்று அச்சாகியிருந்தது. அது ஆஸ்பிரினின் வேதியியல் பெயர். ஆஸ்பிரின் என்ற பெயரைத் தேடுகிறவர் கண்ணுக்கு அது படவே படாது. மற்றப் பொட்டலத்தில் க்ளோபிடோக்ரெல் 75 இருந்தது.

அட்டைகள் எங்கே மாறின என்பது தெரியவில்லை. வீட்டில் பொட்டலம் நனைந்ததால் உள்ளிருந்தவற்றை எடுத்துத் துடைத்து மறுபடி போட்டதாக அவருடைய துணைவியார் பிறகு சொன்னார். மருந்து கொடுத்த இடத்திலேயே மாறியிருக்கவும் கூடும். பழியை யார்மேல் போடுவது என்பதைவிட எனக்கு அப்போது எண்ணிக்கைதான் முக்கியமாகப் பட்டது. இரண்டு மருந்திலும் ஒரே நாளில் 30 மாத்திரைகள் வாங்கி, மறுநாள் தொடங்கி இருபதாவது நாளில் என்னிடம் வந்திருந்தார். க்ளோபிடோக்ரெலில் மீதம் 10. அப்படியானால் ஒரு நாளும் விடாமல், அன்று காலைவரை, இருபதும் உள்ளே போயிருக்கின்றன. ஆஸ்பிரினில் மீதம் 14. நான்கு நாளாக நின்றிருந்தது ஆஸ்பிரின்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டும் தினம் ஒன்று என்பதால், பொட்டலம் மாறியிருந்த முதல் பதினாறு நாள்களில் அவருக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. வலது கைக்கும் இடது கைக்கும் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் சுமந்ததைப் போலத்தான் அது. ஒன்றை மட்டும் நிறுத்தச் சொன்ன நாளில்தான் பிழை உயிர் பெறுகிறது. அதனால் "இத்தனை நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இந்த இரண்டு மருந்துக்கும் செல்லாது.

இப்படியே அவர் அறுவை மேசைக்குப் போயிருந்தால் இரு பக்கமும் பாதகம். ஆஸ்பிரின் தட்டணுவுக்குள் துரோம்பாக்ஸேன் என்ற பொருள் உருவாவதை நிறுத்துகிறது. க்ளோபிடோக்ரெல் தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள வேறொரு ஏற்பியை அடைக்கிறது. இரண்டுமே அந்தத் தட்டணு வாழும்வரை விலகாத அடைப்புகள். தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். உடல் புதிய தட்டணுக்களைச் செய்து பழையவற்றின் இடத்தை நிரப்பவே அந்த ஐந்து நாள் அவகாசம். அவருக்கு அந்த அவகாசம் தொடங்கவே இல்லை, ஆகையால் கத்தி பட்ட இடத்தில் இரத்தம் எளிதில் நிற்காது. மறுபுறம், ஸ்டென்டுக்குக் காவலாக விட்டுவைக்கச் சொன்ன ஆஸ்பிரினின் வலு நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது.

நானாக எதையும் மாற்றச் சொல்லவில்லை. அறுவைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு எண்ணிக்கைகளையும் சொன்னேன். மருத்துவர் பேசி முடித்ததும், ஆஸ்பிரினை அன்றே தொடங்கவும் க்ளோபிடோக்ரெலை அன்றிலிருந்து நிறுத்தவும், அறுவையை அடுத்த வியாழனுக்குத் தள்ளவும் முடிவாயிற்று. மகனுக்கு விடுப்பு வீணானதில் சற்றுக் கோபம். அது நியாயமானதுதான்.

இதைவிட அடிக்கடி நான் காண்பது இன்னொரு வகை மாற்றம். க்ளோபிடோக்ரெல் தீர்ந்துவிடும், அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும், வெளியூரில் மகள் வீட்டில் இருப்பார்கள். கையில் கிடைக்கும் ஆஸ்பிரின் அட்டையைக் காலிப் பொட்டலத்தில் போட்டு, "75-க்குப் பதில் 100, இன்னும் நல்லதுதானே" என்பார்கள். மில்லிகிராம் என்பது எடை மட்டுமே. வெவ்வேறு மருந்துகளின் வலுவை அதை வைத்து ஒப்பிட முடியாது. இரண்டு ஆஸ்பிரின் சாப்பிட்டாலும் மூடப்படுவது ஒரே வாசல்தான், க்ளோபிடோக்ரெல் காக்கும் வாசல் திறந்தே கிடக்கும். புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு அதற்குள் இரத்தம் உறைவது மாரடைப்பாகவே முடியும். பிழை தெரிந்து மறுபடி தொடங்கினாலும், தினம் 75 என்ற அளவில் க்ளோபிடோக்ரெல் முழுப் பயனை எட்டச் சில நாள்கள் ஆகும். ஆகவே இடையில் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். ஆஸ்பிரின் பட்டால் இழுப்பு வருகிற ஆஸ்துமா நோயாளிக்கு அதற்கு மாற்றாகவே க்ளோபிடோக்ரெல் கொடுத்திருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர் பொட்டலத்தில் ஆஸ்பிரின் வந்து விழுந்தால் ஒரு மாத்திரையே போதும்.

நிறத்தை நம்பாதீர்கள். க்ளோபிடோக்ரெல் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருந்தாலும் நிறுவனம் மாறினால் நிறமும் மாறலாம். ஈரம் பட்ட ஆஸ்பிரினில் புளிக்காடி வாடை அடிக்கும், ஆனால் அது கெட்டுப்போனதற்கு அடையாளம், தேர்வுக்கு உதவாது. அட்டையின் பின்புற எழுத்து ஒன்றே சான்று. இரண்டு பொட்டலத்திலும் ஒரே எழுத்து இருந்தால் உடனே கேளுங்கள். கத்தரிக்கோலால் மாத்திரைகளை ஒவ்வொன்றாக வெட்டி வைப்பவர்கள் அந்தச் சான்றையும் வெட்டிவிடுகிறார்கள்.

அறுவை முடிந்து சில நாள் கழித்து, க்ளோபிடோக்ரெலை மீண்டும் தொடங்கச் சொல்லிவிட்டார்கள் என்று பெரியவர் கடைக்கு வந்தார். பொட்டலங்களை என் மேசையில் வைத்தவர், நான் கேட்பதற்கு முன்பே அட்டைகளை உருவி, வெள்ளித் தாள் மேலே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடினார்.