ஒரு நொடியில் நாலேகால் மீட்டர்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைப் பார்த்ததும் நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றும் விளக்கம், "அங்கே ஈர்ப்பு விசை கிடையாது" என்பதுதான். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த நம்பிக்கை உடைந்தது.

நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. கேட்கும்போது பெரிய உயரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈர்ப்பைப் பொறுத்தவரை தூரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். தரையில் நிற்கும் நாமே மையத்திலிருந்து 6,371 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். நிலையம் இருப்பது 6,771 கிலோமீட்டரில். இந்தச் சிறு வித்தியாசத்தால் ஈர்ப்பு பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது, அவ்வளவுதான். 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, தரையில் 60 கிலோ காட்டும் ஒருவரை அதன் உச்சியில் எடைக்கருவி மேல் நிறுத்தினால், அது சுமார் 53 கிலோ காட்டும். அவர் மிதக்க மாட்டார்; காலூன்றி நடப்பார்.

அப்படியானால் அதே உயரத்தில் இருக்கும் வீரர் மட்டும் ஏன் மிதக்கிறார்? எடை என்று நாம் உணர்வது எதை என்பதில்தான் பதில் இருக்கிறது. பூமி நம்மை இழுப்பது நமக்கு நேரடியாகத் தெரிவதில்லை. அந்த இழுப்புக்கு எதிராகத் தரை நம் பாதத்தை மேல்நோக்கித் தள்ளுகிறதே, அதைத்தான் உடல் எடையாக உணர்கிறது. எடைக்கருவி அளப்பதும் அந்தத் தள்ளலைத்தான். 1.2 மீட்டர் உயர மேடையிலிருந்து குதித்தால், தரையைத் தொடும்வரை சுமார் அரை நொடி நம்மைத் தள்ள எதுவும் இல்லை. அந்த அரை நொடியில் பூமி நம்மை முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தாலும் நமக்கு எடை தெரியாது. வீரரின் நிலைமையும் இதுவேதான். அவருடைய வீழ்ச்சி முடிவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

முடியாமல் ஒருவர் எப்படி விழுந்துகொண்டே இருக்க முடியும்? ஒரே ஒரு நொடியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அந்த உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 8.7 மீட்டர். வேகம் பூஜ்யத்திலிருந்து கூடிக்கொண்டே போவதால், எந்தப் பொருளும் முதல் நொடியில் அதில் பாதி, அதாவது ஏறத்தாழ 4.3 மீட்டர் கீழே விழும். நிலையமும் அப்படியே விழுகிறது. ஆனால் அதே நொடியில் அது பக்கவாட்டில் 7.67 கிலோமீட்டர் போய்விடுகிறது. பூமி உருண்டை அல்லவா? நேர்கோட்டில் அவ்வளவு தூரம் போனால், அந்த உயரத்தில் வரைந்த வட்டம் நேர்கோட்டுக்குக் கீழே எவ்வளவு வளைந்திருக்கும்? தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும்: 7.67 × 7.67 ÷ 13,542. விடை 0.0043 கிலோமீட்டர், அதாவது அதே 4.3 மீட்டர்! நிலையம் விழுந்த அளவுக்கே பூமியும் வளைந்து விலகிவிட்டது. உயரம் குறையவே இல்லை. அடுத்த நொடியும் இதே கதைதான். 92 நிமிடங்களில் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடுகிறது.

பக்கவாட்டு வேகத்தை மட்டும் பறித்துவிட்டால் என்ன ஆகும்? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், நிலையம் சுமார் ஐந்து நிமிடத்தில் நேராகத் தரைக்கு வந்து சேரும். மாறாக ஈர்ப்பு உண்மையிலேயே இல்லாமல் போனால், அது பூமியைச் சுற்றாது. நேர்கோட்டில் விலகிப் போய்விடும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நிலையம் விழுகிறது, சரி. உள்ளே இருக்கும் வீரர் ஏன் அதன் தரையில் ஒட்டிக்கொள்வதில்லை? பல நூறு டன் எடையுள்ள நிலையமும், அவரும், அவர் கையிலிருந்து நழுவிய பேனாவும் ஒரே முடுக்கத்தில் விழுவதால்தான். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். காற்றில்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. விண்வெளி நிலையத்தில் நடப்பதும் அதே விதிதான். வீரர் விழும் அதே வேகத்தில் நிலையத்தின் தரையும் விழுகிறது. அதனால் அது அவரைத் தள்ளுவதே இல்லை.

இந்த வீழ்ச்சி முழுக்கத் தடையற்றதும் அல்ல. 400 கிலோமீட்டரிலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது. அது வெளிச்சுவரில் மோதுகிறது, உள்ளே இருப்பவர்கள் மேல் மோதுவதில்லை. ஆகவே நிலையத்தின் வீழ்ச்சிக்கும் அவர்களுடைய வீழ்ச்சிக்கும் இடையே மிக நுண்ணிய வித்தியாசம் உண்டு. எடை முற்றிலும் பூஜ்யம் என்று சொல்லாமல் நுண்ணீர்ப்பு என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றின் உரசலால் உயரமும் மெல்லக் குறைந்துகொண்டே வரும். அதை ஈடுகட்ட அவ்வப்போது எந்திரத்தை இயக்கி நிலையத்தை உயர்த்துவார்கள்.

எந்திரம் இயங்கும் அந்தச் சில நிமிடங்களில் உள்ளே எடுத்த காணொளி கிடைத்தால் தவறாமல் பாருங்கள். அதுவரை அசையாமல் மிதந்தவர்கள் எதையும் தொடாமலே மெல்லப் பின்சுவரை நோக்கி நகர்வார்கள். உண்மையில் நகர்வது அவர்கள் அல்ல. எந்திரம் தள்ளுவது நிலையத்தை மட்டும்தான். அவர்கள் பழையபடி விழுந்துகொண்டிருக்கிறார்கள், சுவர்தான் அவர்களிடம் வருகிறது. முதுகு சுவரில் பட்டதும் அது அவர்களைத் தள்ளத் தொடங்கும். எந்திரம் நிற்கும்வரை அவர்களுக்குக் கொஞ்சம் எடை இருக்கும்.