அரைத்தொனி என்றால் பாதிச் சத்தமா?

போன மாதம் இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் பிள்ளைகளுக்கு ஒரு வடிவமைப்புப் பயிற்சி. காவடி எடுக்கும் ஒருவரின் படத்தைப் பாப் ஆர்ட் பாணிக்கு மாற்றி டி-ஷர்ட்டில் அச்சடிப்பதுதான் வேலை. கையில் கொடுத்த தாளில் 'அரைத்தொனி' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி என்னிடம் திரும்பி, "அண்ணா, தொனின்னா சத்தம்தானே? இதுல எங்க சத்தம்?" என்று கேட்டாள். இந்தச் சொல்லை நான் பார்ப்பது அது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ.

அரைத்தொனி என்று இவர்கள் மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல் ஹாஃப்டோன். அது ஓவியக்காரர்கள் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் வரும் சாயலுக்கு வைத்த பெயர். புகைப்படத்தின் அந்த இடைச்சாயலைக் கறுப்பு மை ஒன்றாலேயே காகிதத்தில் கொண்டுவரும் வழி 19ஆம் நூற்றாண்டில் வந்தபோது பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1852இல் புகைப்பட முன்னோடி டால்பட் மெல்லிய துணியை இடையில் வைத்துப் படத்தைப் புள்ளிகளாக உடைக்கப் பார்த்தார். நம் ஊர் அச்சகத்தில் இந்தப் புள்ளிமுறையைப் பிரெஞ்சில் 'திராம்' என்கிறார்களே, அதற்கு நெசவின் ஊடை நூல் என்றே பொருள். வலைத்துணிக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது தமிழுக்கு வந்தால், டோன் என்று கேட்டதும் தொனி என்று எழுதிவிட்டார்கள். தொனி வடமொழி 'த்வனி'யின் வழி வந்தது, ஒலிதான் அதன் பொருள். குரலில் தொனி இருக்கும், கன்னத்து நிழலில் எங்கிருந்து வரும்? இசைக்காரர் ஒருவர் அரைத்தொனி என்றால் அரைச்சுரத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம், அச்சடிப்பவர் சொன்னால் என்ன எடுத்துக்கொள்வது? சரி, தொனியை விட்டு 'அரைநிறம்' என்று போடலாமே என்பவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். இந்த முறையில் பாதி நிறம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஓரிடத்தில் மை முழுசாக விழும் அல்லது விழவே விழாது. சாம்பல் நிறமாகத் தெரிவது நம் கண் செய்யும் கூட்டல். ஆங்கிலச் சொல்லை நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் தனித்தனியாக அகராதியில் தேடி, பசைபோட்டு ஒட்டுவதையே மொழிபெயர்ப்பு என்று நினைப்பவர்கள் ஒரு தடவையாவது அச்சடித்த படத்தின் மேல் உருப்பெருக்கியை வைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்துப் பார்த்தால் புள்ளிக்கோலம் மாதிரிதான் இருக்கும். இடைவெளி மாறாது, புள்ளியின் பருமன் மட்டும் மாறும்: இருட்டில் பெரிசு, வெளிச்சத்தில் சிறிசு. அதனால்தான் நான் 'புள்ளிச்சாயல்' என்கிறேன். பாப் ஆர்ட் ஓவியர் லிக்டன்ஸ்டைனின் ஓவியங்களில் வரும் ஒரே அளவுப் புள்ளிகளை இதோடு குழப்பவும் வேண்டாம், அவை பென்-டே புள்ளிகள். கோலப்புள்ளி போல எல்லாம் ஒரே பருமன், அதனால் சாயல் அங்கே நிரப்பாகத்தான் வரும். இன்னொரு பாப் ஆர்ட் ஓவியர் வார்ஹோலின் மர்லின் மன்றோ படங்களில் இருப்பதுதான் நம்முடையது, புகைப்படத்திலிருந்து வந்த புள்ளி.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஃபோட்டோஷாப்பில் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, நெற்றி வெளுக்கவும் முடி முழுக்கறுப்பாகவும் `Levels`ஐ இழுத்தோம். இதைச் செய்யாவிட்டால் முகம் முழுக்க ஏறக்குறைய ஒரே பருமனில் புள்ளி விழுந்து சேறு பூசியது போல ஆகிவிடும். அப்புறம் படத்தை `Grayscale` முறைக்கு மாற்றி `Image > Mode > Bitmap`, முறை `Halftone Screen`, வெளியீடு அங்குலத்துக்கு 300 பிக்சல், கோணம் 45, வடிவம் `Round`. புள்ளி வரிசை அங்குலத்துக்கு 10 என்று போட்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள், ஆனால் கண்ணைக் காணோம். சட்டையில் கண்ணின் அகலம் ஒன்றரை செ.மீ. பத்து வரிசை என்றால் செ.மீ.க்கு நாலு புள்ளி, ஆக முழுக்கண்ணுக்கும் குறுக்கே ஆறே புள்ளி, உயரத்துக்கு இரண்டு. அதில் எந்தக் கண் தெரியும்? 20 ஆக்கியதும் குறுக்கே பன்னிரண்டு கிடைத்தது, பார்வை வந்துவிட்டது, புள்ளியும் தூரத்திலிருந்தே தெரிந்தது.

இந்தக் கறுப்புப் புள்ளிகளை ஒரு `RGB` கோப்புக்குக் கொண்டுபோய் `Multiply` முறையில் மேலடுக்காக வைத்து, அடியில் முகத்துக்கு மஞ்சள், பின்னணிக்கு இளஞ்சிவப்பு, இரண்டையும் புள்ளியே இல்லாமல் நிரப்பாக ஊற்றினோம். மொத்தம் மூன்று மை.

முடித்த படத்தை ஒரு பையன் கைப்பேசிக்காகப் பாதியாகச் சுருக்கினான், கன்னத்தில் பட்டுச்சேலை மாதிரி அலையலையாகக் கோடு விழுந்துவிட்டது. புள்ளி வரிசையும் திரையின் கட்டங்களும் மோதும்போது வருவது அது. மூலப்படத்தை முதலில் சுருக்கி, அந்த அளவில் புள்ளியைத் திரும்பப் போட வைத்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் தாளில் 'தொனி'யை அடித்துவிட்டு மேலே 'புள்ளிச்சாயல்' என்று எழுதியிருந்தாள். 'அரை'யை மட்டும் அடிக்க மறந்துவிட்டாள்.