அரை டிக்கெட் ஏன் சரிபாதியாக வருவதில்லை?

ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். கோடை விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பெரும்பாலானோர் வீட்டிலேயே மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். நான் சொல்லும் தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தால் முகம் சுருங்கும்.

எங்களுக்கு அடிக்கடி வரும் மாதிரி ஒரு குடும்பத்தை வைத்தே பார்ப்போம். சென்னையிலிருந்து ஊருக்கு ஸ்லீப்பரில், சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் போகிறார்கள். தாத்தா பாட்டி உட்படப் பெரியவர்கள் ஆறு பேர். 6, 8, 11 வயதில் மூன்று பிள்ளைகள், 3 வயதுக் குழந்தை ஒன்று. ஒரு ஆளுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (கட்டணம் அவ்வப்போது மாறுவதால், கணக்குக்காக ஒரு முழு எண்). அவர்கள் மனக்கணக்கு: ஆறு பேருக்கு 2,400, மூன்று அரை டிக்கெட் 600, ஆக 3,000.

அந்த 400-ஐப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அடிப்படைக் கட்டணம் 350, முன்பதிவுக் கட்டணம் 20, சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் 30. பிள்ளைகளுக்குப் பாதியாவது அந்த 350 மட்டும்தான். மற்ற 50 ரூபாயை முழுசாகக் கட்ட வேண்டும். ஆக அரை டிக்கெட் 175 + 50 = 225 ரூபாய். ஏசி வகுப்பில் இதற்கு மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு.

இந்த அரை டிக்கெட்டும் பெர்த் வேண்டாம் என்றால்தான். 2016 ஏப்ரல் முதல் 5 வயது நிரம்பி 12 வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் பெரியவர் கட்டணம்தான். வேண்டாம் என்றால் டிக்கெட்டில் பெர்த் எண் இருக்க வேண்டிய இடத்தில் NOSB என்று வரும். ராத்திரி முழுக்க அம்மா அப்பாவோடு ஒரே பெர்த்தில் ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். 6 வயதுக்குச் சரி, 11 வயதுப் பையனுக்குச் சிரமம். எனவே இந்தக் குடும்பத்தில் பெரிய பிள்ளைக்கு மட்டும் பெர்த் போட்டால் 400, மற்ற இருவருக்கும் 450. 3 வயதுக் குழந்தைக்குப் பெர்த் கேட்காதவரை காசில்லை. சேர் கார், செகண்ட் சிட்டிங் போன்ற உட்காரும் வகுப்புகளில் இப்படி இருக்கை வேண்டாம் என்று சொல்லும் வசதி கிடையாது. அங்கே பிள்ளைக்கும் முழுக் கட்டணம்தான். தாத்தா பாட்டிக்கும் குறையாது. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள்.

ஆக, டிக்கெட் கட்டணம் 2,400 + 400 + 450 = 3,250.

இனி ஆன்லைன் வசதிக் கட்டணம். ஐ.ஆர்.சி.டி.சி. ஸ்லீப்பருக்கு 15 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 17.70 வாங்குகிறது. யு.பி.ஐ.யில் கட்டினால் 11.80. ஏசி வகுப்பானால் 35.40, யு.பி.ஐ.யில் 23.60. இது ஆளுக்கு அல்ல, ஒரு டிக்கெட்டுக்கு. ஒன்பது பேர் என்பதற்காக யாராவது இதை ஒன்பதால் பெருக்கிக் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். டிக்கெட்டிலேயே இந்தத் தொகை தனி வரியாக அச்சாகி இருக்கும். கார்டில் கட்டினால் வங்கி தன் பங்குக்குத் தனியாக எடுக்கலாம்.

ஒரு பி.என்.ஆரில் ஆறு பேர்தான் போட முடியும். ஒன்பது பேருக்கு இரண்டு டிக்கெட் என்பதால் வசதிக் கட்டணமும் இரண்டு தடவை: யு.பி.ஐ.யில் 23.60. மொத்தம் 3,273.60. மனக்கணக்கைவிட 273.60 கூடுதல். அதில் 200 பெரிய பிள்ளையின் பெர்த்துக்கு, 50 இரண்டு அரை டிக்கெட்டுகளில் பாதியாகாத பகுதிக்கு, மீதிதான் வசதிக் கட்டணம். பலரும் ஆன்லைனில் போட்டதால்தான் இவ்வளவு ஏறியது என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஏறியதில் அதன் பங்குதான் மிகக் குறைவு.

பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரியவர்கள் ஆறு பேரையும் ஒரு டிக்கெட்டில் போட்டுவிட்டு, பிள்ளைகள் மூவரையும் இன்னொன்றில் போடலாம் என்று சிலர் வருவார்கள். பெர்த் இல்லாத பிள்ளை யாரோடு படுக்கும்? அதன் அம்மாவோ அப்பாவோ அதே டிக்கெட்டில் இருக்க வேண்டும். நான் போடுவது இப்படி: அரை டிக்கெட் பிள்ளைகள் இருவரும் அவர்கள் பெற்றோரும் ஒரு டிக்கெட்டில், தாத்தா பாட்டி, மற்ற இருவர், 11 வயதுப் பையன் என ஐந்து பேர் இன்னொன்றில். 3 வயதுக் குழந்தையின் பெயர் அதன் அம்மா இருக்கும் டிக்கெட்டில். பிள்ளைகளின் வயதுக்கு ஆதார் கையில் இருக்கட்டும், டி.டி.இ. கேட்கலாம்.

பயணம் ரத்தானால் பிடித்தம் போக மீதிக் கட்டணம் திரும்பும். வசதிக் கட்டணம் மட்டும் திரும்பாது.