கன்னிப்போன கால்: மாநிறத் தோலில் வீக்கம் ஏன் சிவப்பாகத் தெரிவதில்லை

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலம். கொழுந்து பறித்து முடித்த கையோடு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், நல்ல கறுப்பு. ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வலது காலை நீட்டினார்.

"காலு கன்னிப் போச்சுங்க டாக்டரம்மா. நேத்து ராத்திரி குளிர் நடுக்கம் வேற."

டியூப் லைட் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் இருந்தது. கணுக்காலுக்கு மேலே தோல் கொஞ்சம் பளபளவென்று இருந்தது, அவ்வளவுதான். நான் தேடியது சிவப்பை. புத்தகத்தில் பார்த்த படங்களில், கிருமி தோலுக்குள் புகுந்து பரவும் செல்லுலைட்டிஸ் என்றால் தக்காளி நிறத்தில், ஓரம் தெரியும்படி படர்ந்திருக்கும். அப்படி எதுவும் இல்லாததால் சீட்டில் 'சிவப்பு இல்லை' என்று எழுதி, சேற்றுப்புண்ணுக்கு ஒரு களிம்பும் வலிக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் மாலை அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வீக்கம் முழங்காலை நெருங்கியிருந்தது, காய்ச்சல் கொதித்தது. அப்போதும் சிவப்பு இல்லை. பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ் ஒன்றும் பேசாமல் தன் புறங்கையை முதலில் இடது காலில் வைத்தார், பிறகு வலது காலில் வைத்தார். "தொட்டுப் பாருங்க டாக்டர், இந்தக் கால் சுடுது" என்றார். தொட்டேன். சுட்டது. அந்த அம்மா முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 'கன்னிப்போச்சு' என்பது சிவப்பைச் சொல்லும் வார்த்தை அல்ல. ரத்தம் கட்டிக் கறுத்து, தொட்டால் நோகிற தோலுக்கு நம் ஊரில் உள்ள வார்த்தை அது. நம் தோலில் அழற்சி எப்படித் தெரியுமோ அதை அப்படியே சொல்கிற வார்த்தை.

அழற்சி வந்த இடத்தில் என்ன நடக்கிறது? மேல்தோலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அங்கே ரத்தம் கூடுகிறது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் நீல, பச்சை ஒளியை நன்றாக விழுங்கிக்கொள்ளும், சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே ரத்தம் கூடிய இடத்திலிருந்து நம் கண்ணுக்குத் திரும்பும் வெளிச்சத்தில் பச்சை குறைந்துபோகிறது. பச்சை குறைவதைத்தான் நம் கண் 'சிவந்திருக்கிறது' என்று படிக்கிறது. சிவப்பு புதிதாக வந்து சேர்வதில்லை.

இந்த ரத்தக்குழாய்களுக்கு மேலே, மேல்தோலில், மெலனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, அந்த மெலனின் துகள்கள் எவ்வளவு பெரியவை, தோலில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதில்தான் நிறம் வேறுபடுகிறது. மெலனின் எல்லா நிற ஒளியையும் விழுங்கும். நீலத்தையும் பச்சையையும் அதிகமாகவும், சிவப்பைக் கொஞ்சம் குறைவாகவும் விழுங்கும். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை இந்த அடுக்கைத் தாண்ட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை அளந்த எண்கள் அல்ல, விளங்குவதற்காக நானே எடுத்துக்கொண்டவை. தோலின் மேல் 100 பங்கு பச்சை ஒளி விழுகிறது. வெளுத்த தோலாக இருந்தால் உள்ளே போய் 40 பங்கு திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அழற்சி வந்ததும் ரத்தம் அதில் பாதியைத் தின்றுவிடுகிறது, 20 மட்டும் வருகிறது. இனி கறுத்த தோல். மெலனின் ஏற்கெனவே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால் நல்ல நிலையிலேயே 6 பங்குதான் திரும்புகிறது. அழற்சி வந்தால் அதிலும் பாதி போய் 3. ரத்தம் செய்த வேலை இரண்டிலும் ஒன்றுதான், பாதியாகக் குறைத்தது. ஆனால் அங்கே 20 பங்கு குறைந்தது கண்ணில் அடிக்கிறது. இங்கே குறைந்தது 3 பங்கு.

அந்த 3 பங்கையும் மறைக்க இன்னொன்று இருக்கிறது. விழும் வெளிச்சத்தில் சுமார் 4, 5 பங்கு தோலுக்குள் போகாமலே மேற்பரப்பில் பட்டுத் தெறித்துவிடும். இது எந்தத் தோலுக்கும் பொது. எண்ணெய் தேய்த்த கால் மினுங்குகிறதே, அந்த மினுக்கம்தான். விளக்கின் நிறம் எதுவோ அதே நிறத்தில் இருக்கும், உள்ளே இருக்கும் ரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வெளுத்த தோலில் 45 என்பது 25 ஆகிறது, அதில் இந்த 5 ஒரு பொருட்டல்ல. கறுத்த தோலில் 11 என்பது 8 ஆகிறது, அந்த 8-இல் பாதிக்கு மேல் வெறும் மினுக்கம். வீங்கிய தோல் இழுபட்டு வழவழப்பாகிவிடுவதால் மினுக்கம் இன்னும் கூடுகிறது. நான் அன்று டியூப் லைட்டுக்கு அடியில் பார்த்தது பெரும்பாலும் டியூப் லைட்டைத்தான்.

ஆகவே மாநிறத்தில் அழற்சி செம்பழுப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும். நல்ல கறுப்பில் சுற்றியுள்ள தோலைவிட ஒரு படி கூடுதல் கறுப்பாக, சில சமயம் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். சிலருக்கு நிறமாற்றமே தெரியாது. ஒரே ஆளுக்குள்ளும் இது மாறும். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் மெலனின் குறைவு, அங்கே சிவப்பு ஓரளவு தெரியும். ரத்தசோகையைப் பார்க்க நர்ஸ்கள் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது இதே காரணத்தால்தான்.

மருத்துவ வழிகாட்டி நூல்கள் ஏன் சிவப்பையே பிடித்துக்கொண்டிருக்கின்றன? வழக்கம் மிகப் பழையது. ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் எழுதிய செல்சஸ் அழற்சியின் அடையாளங்களாகச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நான்கைச் சொன்னார். நான்கில் மூன்றுக்கு நிறம் தேவையில்லை. ஆனால் அச்சுப் படத்தில் எளிதாகக் காட்ட முடிவது நிறத்தைத்தான். சூட்டையும் வலியையும் படம் பிடிக்க முடியாது. அந்தப் படங்களும் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை. தோல் நிறத்தை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலின் கதையும் இதேதான். 1975-இல் அதை உருவாக்கியபோது வெளுத்த தோல் வெயிலில் எப்படி வேகிறது, எப்படிக் கறுக்கிறது என்பதே கேள்வி. சோரியாசிஸ் என்ற தோல்நோய்க்குப் புற ஊதா ஒளி சிகிச்சை தரும்போது அளவு தீர்மானிக்க அது தேவைப்பட்டது. பழுப்புக்கும் கறுப்புக்குமான 5, 6 ஆம் வகைகள் பிறகு சேர்த்தவை. சிவப்பின் கடுமைக்கு மதிப்பெண் போடும் எந்த அளவுகோலும் நம் தோலில் நோயைக் குறைத்தே மதிப்பிடும். அன்று என் சீட்டில் எழுதிய 'சிவப்பு இல்லை' அப்படிப் போட்ட மதிப்பெண்தான்.

அதன்பிறகு நான் காலைப் பார்க்கும் முறையே மாறிவிட்டது. இரண்டு காலையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். நோகாத கால்தான் அந்த ஆளுக்கான நிற அட்டை. பகலாக இருந்தால் வாசல் பக்கம் உட்காரவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காலை மெல்லத் திருப்புவேன். ஒரு கோணத்தில் மினுக்கம் விலகி அடியில் இருக்கும் நிறம் தெரியும். போனில் படம் எடுத்து அனுப்புவதானால் ஃபிளாஷ் வேண்டாம், இரண்டு காலும் ஒரே படத்தில் வர வேண்டும். ஒரு காலை மட்டும் எடுத்தால் கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்து, இருந்த வித்தியாசத்தையும் அழித்துவிடும்.

பிறகு புறங்கை. மலையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மழையில் நனைந்து பூட்ஸுக்குள் ஊறிய கால் இரண்டுமே சில்லென்று இருக்கும், குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும். அடுப்படியில் குளிர் காய்ந்துவிட்டு வந்தால் அடுப்புப் பக்கம் இருந்த கால் சும்மாவே சுடும். அதனால் காலைத் துடைத்து, பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு, ஒரே உயரத்தில் இரண்டையும் தொட்டுப் பார்க்கிறேன். விரலால் மெல்ல அழுத்தினால் வீங்கிய பக்கம் கெட்டியாக இருக்கும் அல்லது குழி விழும். மயிர்க்கால்கள் உள்வாங்கி ஆரஞ்சுப்பழத் தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தெரியலாம். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அழற்சி எதுவரை பரவியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு மறுநாள் பார்ப்பது வழக்கம். சிவப்பின் ஓரம் தெரியாத காலில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? நல்ல தோலிலிருந்து தொடங்கி விரலை நகர்த்திக்கொண்டே வந்து, சூடும் வலியும் கெட்டியும் தொடங்கும் இடத்தில் புள்ளி வைக்கிறேன். நாலு பக்கமும் வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் ஓரம் கிடைத்துவிடும். மருந்து தொடங்கிய முதல் நாளில் அது கோட்டைச் சற்றுத் தாண்டினாலும் தாண்டும். இரண்டு நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் மருந்தையும், நோய் அதுதானா என்பதையும் மறுபடி யோசிக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தாலும் வேறு காரணத்தைத் தேட வேண்டும், செல்லுலைட்டிஸ் பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும்.

தொடும் முறையும் ஏமாற்றும் ஒரு இடம் சர்க்கரை நோய். நரம்பு கெட்ட காலில் வலி தெரியாது, அங்கே சூட்டையும் வீக்கத்தையும் மட்டும்தான் நம்ப முடியும். இதற்கு நேர்மாறாக, தோலில் ஒன்றும் பெரிதாகத் தெரியாமல் வலி மட்டும் தாங்க முடியாதபடி இருந்தாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, ஒரு திட்டு மரத்துக் கறுத்துப்போனாலோ, கிருமி ஆழத்தில் சதையைத் தின்றுகொண்டிருக்கலாம். அப்படிப்பட்டவரை ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வைக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அந்த அம்மாவுக்கு ஊசி மருந்து போட்டு, காலை உயர்த்திவைத்துப் படுக்கவைத்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, வாரக் கடைசியில் வீடு திரும்பினார். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். கணுக்காலுக்கு மேலே ஒரு பெரிய கறுப்புத் திட்டு.

"இன்னும் போகலைங்களே டாக்டரம்மா, உள்ளே இருக்குதா?"

அழற்சி ஆறிய பிறகு மெலனின் கூடித் தங்கிவிடுவது நம் தோலின் இயல்பு. பல மாதங்கள் இருந்து மெல்ல வெளிறும். அழற்சிக் கறுப்புக்கும் தழும்புக் கறுப்புக்கும் கண்ணால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். புறங்கையை வைத்தேன். மற்ற கால் அளவுக்கே குளிர்ந்திருந்தது. அழுத்தினால் நோகவில்லை, தோல் இழுபடாமல் சுருக்கம் சுருக்கமாக இருந்தது, நெறி இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு விரல் இடுக்கை விரித்துப் பார்த்தேன். சேற்றுப்புண் நாலாவது, ஐந்தாவது விரலுக்கு நடுவில் மறுபடி வெள்ளையாக ஊறி, வெடித்திருந்தது. போன தடவை கிருமி நுழைந்த வழி அதுதான். அன்று நான் மருந்து எழுதியது அதற்கு.