ஆவுளியாவைக் காக்கும் சட்டமும் அதற்கு எட்டாத வலையும்

மன்னார்ப் பக்கத்தில் ஆவுளியா என்றும் பாடநூல்களில் கடற்பசு என்றும் வழங்கப்படும் கடல்வாழ் பாலூட்டியைக் கொல்வதும், காயப்படுத்துவதும், பிடிப்பதும், அதன் இறைச்சியை வைத்திருப்பதும், விற்பதும் இலங்கையில் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றங்களாகும். இச்சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. ஆவுளியா 1970 முதல் இதன் பாதுகாப்பைப் பெற்றுள்ளது. கடலில் வலை வீசுபவருக்கு மட்டும் உரிய விதி இதுவென்று கொழும்பில் இருக்கும் நாம் நினைத்துவிடக் கூடாது. ஐஸ் பெட்டியில் வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சமையலறையை எட்டும் இறைச்சிக்கும் இதே சட்டம் பொருந்தும். விலை கொடுக்காமல் உறவினரிடமிருந்து பெற்றதாயினும் அதை வைத்திருப்பது குற்றமே.

ஆவுளியாக்கள் அதிகம் இறப்பது வேட்டையில் அன்று, வேறு மீனுக்காக விரிக்கப்பட்ட வலையில் தற்செயலாகச் சிக்குவதால்தான். கொல்லாதே என்று கூறும் சட்டத்தால் மட்டும் இவ்விலங்கு ஏன் பிழைக்க முடியாது என்பதை அறிய, அது என்ன உண்கிறது, எவ்வளவு மெதுவாகப் பெருகுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த ஓர் ஆவுளியா நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ வரை கடற்புல் உண்ணக்கூடியது. நார் குறைந்த மென்மையான புல்வகைகளையே அது பெரிதும் விரும்புகிறது. இலையை மட்டும் கறிக்காமல், கீழ்நோக்கிய தன் அகன்ற வாயால் மணலைக் கிளறி வேர்க்கிழங்கோடு பிடுங்கித் தின்கிறது. இதனால் புல்வெளியில் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில், சில மீற்றர் நீளத்தில் வெறும் மணல் தெரியும் தடம் விழுகிறது. நீர் வற்றும் வேளையில் இத்தடத்தைக் கண்டால், விலங்கைக் காணாதவரும் அது அங்கே மேய்ந்ததை அறியலாம். சூரிய ஒளி எட்டும் ஆழமற்ற நீரில்தான் கடற்புல் செழிக்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் புத்தளம் களப்பிலும் சிறு படகுகள் வலை விரிப்பதும் பெரும்பாலும் அதே நீரில்தான்.

பெண் ஆவுளியா ஆறு வயதுக்கு முன் ஈனுவதில்லை. சிலவற்றுக்குப் பதினைந்து வயதுக்கு மேலும் ஆகும். கருக்காலம் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும். ஒருமுறைக்குப் பொதுவாக ஒரே கன்று. அது ஒன்றரை ஆண்டளவு பால் குடிக்கும். புல் செழித்திருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், புல் அழிந்த காலத்தில் ஐந்து, ஏழு ஆண்டுகள் கழித்தும் அடுத்த கன்று பிறக்கும்.

விளக்கத்துக்காக, வளர்ந்த பெண்விலங்குகள் நாற்பது உள்ள ஒரு கூட்டத்தை எண்ணிக்கொள்வோம். மூன்று ஆண்டு இடைவெளி என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று கன்றுகள் பிறக்கும். அவற்றில் ஏறக்குறைய பாதி பெண். அந்தப் பெண்கன்றுகளிலும் பாதியே பருவம் எய்தும் என்று கொண்டால், ஆண்டுக்கு மூன்று பெண்விலங்குகள் புதிதாகச் சேரும். முதுமையாலும் நோயாலும் இரண்டு இறந்தால் மிச்சம் ஒன்று. அந்த ஆண்டில் ஒரேயொரு தாய் வலையில் மூழ்கினாலும் கூட்டம் வளராமல் நின்றுவிடும். புல் அழிந்து இடைவெளி ஐந்தாண்டாக நீண்டால் சேர்வது இரண்டே. அப்போது வலையில் இறக்கும் ஒவ்வொன்றும் நேர் இழப்பு. பால் குடிக்கும் கன்றை உடைய தாய் சிக்கினால் கன்றும் பிழைப்பது அரிது. எழுபது ஆண்டு வாழக்கூடிய விலங்காகையால், கன்று இல்லாமலே முதியவை பல காலம் கண்ணில் படும். இன்னும் இருக்கின்றன என்று நாம் ஆறுதல் கொள்ளும்போதே கூட்டம் மெலிந்துகொண்டிருக்கலாம்.

வலையில் சிக்கிய ஆவுளியா இறப்பது காயத்தால் அன்று, மூச்சு முட்டியே. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து சுவாசிக்க வேண்டிய விலங்கை, இரவில் கட்டிவிட்டுக் காலையில் தூக்கும் வலையில் உயிரோடு காண்பது அரிது. திருக்கைக்காக அடியில் கட்டப்படும் பெரிய கண் வலையில் அதன் துடுப்பும் வாலும் எளிதில் மாட்டும்.

இங்கேதான் கடற்றொழில் விதிகள் கைகொடுக்கின்றன. தங்கூசி வலையும் டைனமைற் வெடியும் தடைசெய்யப்பட்டவை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்துக்கு 2017இல் செய்யப்பட்ட திருத்தம், கடற்புல்லை வேரோடு வாரும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. ஆயினும் அனுமதிக்கப்பட்ட வலையும் மேய்ச்சல் நிலத்தின் நடுவே இரவு முழுவதும் கிடந்தால் கொல்லும் என்பதால், இத்தடைகள் போதுமானவை என்று நான் கருதவில்லை. வலை எங்கே, எத்தனை மணிநேரம் கிடக்கலாம் என்பதை அவ்வப்பகுதிக் கடற்றொழிலாளருடன் பேசி வரையறுப்பதும், அதனால் குறையும் வருவாயை ஈடுசெய்வதும் இன்றியமையாதவை.

உயிரோடு சிக்கிய ஆவுளியாவின் மூக்கை முதலில் நீருக்கு மேலே உயர்த்திப் பிடித்து, பிறகு வலையை அறுத்து விட வேண்டும். கரைக்கு இழுத்து வரக் கூடாது. கரையொதுங்கியதைக் கண்டவரும், இறைச்சி விற்கப்படுவதை அறிந்தவரும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்னும் அழைப்பு இலக்கத்தில் தெரிவிக்கலாம். இறந்த உடலாயினும் வெட்டாமல் விட்டுவைத்தால், அது வலையில் மூழ்கியதா, வெடியில் இறந்ததா என்பதைக் கால்நடை வைத்தியர் ஆராய வழியுண்டு.